முன்கூட்டியே நன்றி, மேடம்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தே முக்கால். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு மெயிலைத் திறந்தால் மேலே ஒரு தமிழ்ப் பெயர். பிரெஞ்சில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"வணக்கம் மேடம், நான் இப்ப லிசான்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். மாஸ்டருக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தேவை. எழுதித் தர முடியுமா? முன்கூட்டியே நன்றி."

நான் ஒரு யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் 'தே-தே' எடுக்கிறேன். பெரிய மண்டபத்தில் பேராசிரியர் நடத்திய பாடத்தைச் சின்னக் குழுவாக இருந்து கணக்குச் செய்து பார்க்கும் வகுப்பு அது. ஒரு குழுவில் முப்பத்தைந்து பேர், மூன்று குழு. அரையாண்டுக்கு நூறு முகம். பெயரைப் பார்த்ததும் எங்கட பிள்ளை என்று தெரிந்தது. ஆனால் முகம் வரவில்லை. எந்த வருஷம், எந்தக் குழு, எந்த மாஸ்டர், எப்போதைக்கு வேண்டும், ஒன்றும் அதில் இல்லை. அந்த 'முன்கூட்டியே நன்றி' வேறு. பிரெஞ்சில் அது சாதாரண மரியாதைச் சொல்தான். ஆனாலும் ஓம் சொல்ல முதலே நன்றி வாங்கிவிட்டால் கொஞ்சம் நெருக்கின மாதிரித்தான் இருக்கும்.

பெடியனைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே பள்ளிக்கூடம் முடித்து வரும் பிள்ளைக்குக் கடிதம் கேட்டுப் பழக்கமே இல்லை. தெர்மினாலில் பார்க்கூர்சுப் செய்த பெற்றோருக்குத் தெரியும்: 2018இலிருந்து ஒவ்வொரு பாட ஆசிரியரும் அந்தத் தளத்திலேயே 'ஃபிஷ் அவெனிர்' என்ற படிவத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவிடுவார். பிள்ளை கேட்கத் தேவையில்லை. மாஸ்டருக்கான மோன் மாஸ்டர் தளம் 2023இல் வந்தது. அதிலும் எல்லாப் படிப்புக்கும் சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. சில படிப்புகள் கேட்கும். அல்லது பிள்ளை லண்டனுக்கும் ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று நினைக்கும், அங்கே இரண்டு பேர் எழுத வேண்டும். அப்படி இருபது, இருபத்தொரு வயதில்தான் ஒரு பெரியவரிடம் போய் 'என்னைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கோ' என்று முதல்முறை கேட்க வேண்டி வருகிறது. எங்கள் வீடுகளில் அப்படிக் கேட்பதே ஆக்களைத் தொந்தரவு படுத்துவது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். நானும் என் கடைசி வருஷத்தில் ஒரு பேராசிரியரிடம் நடைவழியில் நின்று கேட்டேன். "ஒரு மெயில் போட்டு ஞாபகப்படுத்துங்கள்" என்றார். ஞாபகப்படுத்தினால் அவருக்குக் கரைச்சல் என்று நான் போடவே இல்லை. கடிதம் வரவில்லை. அவரில் ஒரு பிழையும் இல்லை.

அதனால் அன்றிரவே பதில் போட்டேன். எந்தப் படிப்பு, கடைசி நாள் எது, கடிதத்தை நீர் ஏற்ற வேண்டுமா அல்லது எனக்கு நேரே இணைப்பு வருமா? பெறுபேற்றுத் தாள்கள் எல்லாவற்றையும், நீர் எழுதிய விண்ணப்பக் கடிதத்தின் வரைவையும் அனுப்பும். என் வகுப்பில் நீர் செய்தது எதையாவது நான் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தால் அதைச் சொல்லும். கடைசியாக, ஏன் என்னிடம் கேட்கிறீர்?

அந்தக் கடைசிக் கேள்வி கடுமையாகத் தெரியும். ஆனால் அதற்குப் பதில் இல்லாவிட்டால் நான் எழுதக்கூடாது. மாஸ்டர் தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு அண்மையில் பிள்ளையின் வேலையைக் கிட்ட நின்று பார்த்தவர் எழுதியதுதான் உதவும். லிசே ரீச்சர் எவ்வளவு அன்பாக எழுதினாலும் அது பழைய கதை. மண்டபத்தில் முந்நூறு பேருக்குப் படிப்பித்த பெரிய பேராசிரியர் எழுதினால் பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

மறுநாள் வந்த பதிலில் முதல் வரி: "மேடம், உங்களுக்கு நேரம் இல்லையென்றால் நானே எழுதித் தாறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கோ."

இது அவன் கண்டுபிடித்தது இல்லை. ஆசிரியர்களே "நீயே எழுதிக்கொண்டு வா" என்று சொல்வது இங்கேயும் உண்டு, ஊரிலும் உண்டு. நான் மாட்டேன் என்றேன். பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதினால் முழுக்கப் புகழ்ச்சிச் சொல்லாக வரும்: கடின உழைப்பாளி, ஆர்வமுள்ளவர், பொறுப்பானவர். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு கடிதமும் ஒரே குரலில் இருந்தால் வாசிப்பவர் உடனே பிடித்துவிடுவார். பிரெஞ்சில் இன்னொரு பொறி இருக்கிறது. 'செரியோ', 'அசிடு', அதாவது கவனமானவர், ஒழுங்காக வகுப்புக்கு வருபவர், என்று எழுதுவது இங்கே ஒரு சடங்கு. அதை மட்டும் எழுதினால், சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் வாசிப்பவர் எடுப்பார்.

இந்தப் பெடியன் விஷயத்தில் 'அசிடு' என்று எழுதியிருந்தால் அது பச்சைப் பொய்யாகவும் போயிருக்கும். தாள்களைத் திறந்தபோதுதான் கண்டேன். இரண்டாம் வருஷம் முதல் அரையாண்டில் என் பாடத்தில் இருபதுக்குப் பதின்மூன்றரை. இரண்டாவது அரையாண்டில், அதே பாடத்தின் தொடர்ச்சியில், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஆ, பே, ஈ என்று மூன்று எழுத்து. காரணம் காட்டாமல் வரவில்லை என்பதற்கான குறியீடு அது. எங்கள் தே-தேயில் காரணம் இல்லாமல் மூன்று முறைக்கு மேல் வராவிட்டால் முதல் அமர்வில் புள்ளி கிடைக்காது, யூனில் இரண்டாம் அமர்வுக்குப் போக வேண்டும். அவன் போயிருக்கிறான். பதினாலு எடுத்திருக்கிறான். ஆனால் அந்த மூன்று எழுத்து தாளில் அப்படியே நிற்கிறது. பரிசில் ஒரு குழு அதைப் பார்த்தால் 'பஞ்சிப் பிடித்த பிள்ளை' என்று நினைக்கும். லண்டனில் ஒருவருக்கு அது என்னவென்றே விளங்காது. சும்மா விட்டால் இரண்டுமே அவனுக்குக் கேடு.

என்ன நடந்தது என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. பதிலுக்கு அம்மா வந்தார்.

அந்தச் சனிக்கிழமை லாச்சப்பலில், ஃபோபூர் சென்-துனியில் மரக்கறிக் கடை வாசலில் நிற்கிறேன். கையில் முருங்கைக்காய். யாரோ தோளைத் தொட்டார்கள். லாச்சப்பலில் ஒரு ஆளை அடையாளம் கண்டுபிடிக்க யாருக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் எடுக்காது.

"நீங்கள்தானே யூனிவர்சிட்டி ரீச்சர்? தம்பி சொன்னவர். அவருக்கு ஒரு நல்ல லெட்டரா எழுதிக் குடுங்கோ பிள்ளை. எங்கட பிள்ளைதானே."

"எழுதத்தான் பாக்கிறன் அம்மா. ஆனா ரண்டாம் வருஷம் பாதியில அவர் வராமல் விட்டதுக்குக் காரணம் தெரிஞ்சால்தான்..."

"அதைப் பற்றி ஒண்டும் எழுதாதேங்கோ." குரல் உடனே தாழ்ந்தது. "வீட்டு விஷயம். வெளியில சொல்லுற மாதிரி இல்லை. நீங்கள் நல்லாப் படிக்கிற பிள்ளை எண்டு மட்டும் எழுதுங்கோ."

நான் என்ன சொல்ல? என் அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பார். எங்கட ஆள் என்பதால் நான் கூட்டி எழுதலாம் என்று அவர் நினைத்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குப் பயம் வேறு. எங்கட ஆள் என்பதால் கூட்டி எழுதிவிட்டாள் என்று குழுவில் ஒருவர் நினைத்தால், என் கடிதம் மட்டுமில்லை, அடுத்த வருஷம் நான் இன்னொரு பிள்ளைக்கு எழுதுவதும் எடுபடாது. அதை அந்த வாசலில் நின்று அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. "தம்பியை எனக்கு எழுதச் சொல்லுங்கோ அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அவன் எழுதினான். முதல் குறிப்பு ஐந்து வரி. இது ஒன்றரைப் பக்கம். சுருக்கித் தருகிறேன்.

"மேடம், நான் 2023–24இல் உங்கள் வியாழக்கிழமை காலைக் குழுவில் இருந்தேன். கதவுக்குப் பக்கத்து மேசை. புவசோன் பரவல் படித்த கிழமை, நான் சனிக்கிழமைகளில் வேலை செய்த கடையில் ஆட்களை எண்ணிக்கொண்டு வந்து உங்களுக்குக் காட்டினேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். மோன் மாஸ்டரில் எனக்கு முதல் விருப்பமான படிப்பு ஒரு கடிதம் கேட்கிறது, அதை நானே ஏற்ற வேண்டும், 24ஆம் திகதி கடைசி. லண்டன் படிப்புக்கு உங்களுக்கு நேரே இணைப்பு வரும், மாத முடிவுக்குள். 2024 பெப்ரவரியில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கினது. கிழமைக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம். செவ்வாய், வியாழன், சனி. அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது, அம்மா ஹோட்டலில் காலை வேலை. முதல் இரண்டு மாதம் டொக்டர் சொல்வதை நான்தான் மொழிபெயர்த்தேன். பேப்பர் குடுத்தால் எல்லாருக்கும் தெரிஞ்சுவிடும் என்று வீட்டில் விரும்பவில்லை."

கடை என்று வாசித்ததும் முகம் வந்துவிட்டது. ஜக்கெட்டைக் கழற்றாமல் இருக்கும் மெலிந்த பெடியன். வகுப்பு முடிந்த பிறகு கசங்கின கொப்பித் தாள் ஒன்றை நீட்டினவன்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கடிதம் நின்றதே அதில்தான். ஒரு குறித்த நேரத்துக்குள் கடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதற்குப் புத்தகங்கள் தரும் வழக்கமான மாதிரி புவசோன் பரவல். அதற்கு ஒரு எளிய பரிசோதனை உண்டு. எண்ணிக்கைகளின் சராசரியும், அவை எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் மாறற்றிறனும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இவன் இரண்டு சனிக்கிழமை, நாலு நாலு மணித்தியாலம், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணி 48 எண் வைத்திருந்தான். சராசரி 6. மாறற்றிறன் 17. பொருந்தவே இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில் 'எண்ணினது பிழை' என்று விட்டுவிடுவார்கள். இவன் ஏன் என்று யோசித்திருக்கிறான். அந்தக் கணக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவரோடு ஒருவர் சம்பந்தம் இல்லாமல் வருவதாக எடுத்துக்கொள்கிறது. எங்கட சனம் அப்படி வருமா? அம்மா, அப்பா, இரண்டு பிள்ளை, அம்மம்மா என்று ஒன்றாக வரும். அடுத்த சனிக்கிழமை அவன் தலையை எண்ணாமல் குடும்பத்தை எண்ணினான். சராசரி 2.6, மாறற்றிறன் 2.9. பொருந்திவிட்டது. அன்றைக்கு நான் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு பெப்ரவரியில் கதவுப் பக்கத்து மேசை காலியாகிவிட்டது. நானும் ஏன் என்று கேட்கவில்லை. நூறு பேரில் ஒருவர்.

இதை அவன் முதல் குறிப்பில் எழுதவில்லை. புள்ளிதான் முக்கியம், கடைக் கதை எதற்கு என்று நினைத்தானாம். கடையில் வேலை செய்வதைப் பற்றிச் சொல்லவும் வெட்கம். புள்ளி தாளில் இருக்கிறது, அதை எல்லாரும் வாசிப்பார்கள். தாளில் இல்லாததைச் சொல்லத்தான் என்னைக் கேட்கிறார்கள்.

மிச்சம் இருந்தது அப்பாவின் விஷயம். நான் அவனுக்கு எழுதியது: வருத்தத்தின் பெயரை எழுதத் தேவையில்லை, ஆள் யாரென்றும் எழுதத் தேவையில்லை, ஆனால் உம்மட சம்மதம் இல்லாமலும் அப்பாவைக் கேட்காமலும் ஒரு வரியும் எழுத மாட்டேன். எழுதாவிட்டால் அந்த மூன்று எழுத்தைப் பற்றி நான் பேசாமல் விடுவேன், வாசிப்பவர் தனக்குத் தோன்றியதை நினைப்பார். இரண்டு நாள் சத்தமில்லை. செவ்வாய் இரவு ஒரு வரி வந்தது. அப்பா டயாலிசிஸ் கதிரையில் படுத்தபடி கேட்டுவிட்டு, "எழுதட்டும். நான் களவெடுத்தனானே?" என்றாராம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட. இவரை நான் எப்படி அறிவேன், எத்தனை மாதம், எத்தனை பேரில் ஒருவராக என்று தொடங்கினேன். பிறகு பதின்மூன்றரை. பிரான்சில் வளர்ந்தவருக்கு அது நல்ல புள்ளி. லண்டனில் ஒருவர் அதை நூறுக்கு மாற்றிப் பார்த்தால் அறுபத்தேழரை, இங்கே அது எவ்வளவு நல்ல புள்ளி என்று அவருக்குத் தெரியாது. ஆகவே குழுவில் சரிநடுவில் நின்ற பிள்ளைக்கு ஒன்பதே முக்கால், இவர் முப்பத்துநான்கு பேரில் மூன்றாவது என்று எழுதினேன். இடம் சொன்னால் எந்த நாட்டிலும் விளங்கும். அதற்குப் பிறகு கடைக் கணக்கு, எண்களோடு முழுதாக. பிறகு இரண்டே வாக்கியம்: இரண்டாவது அரையாண்டில் நெருங்கிய குடும்பத்தவர் ஒருவரின் கடும் நோயால் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டி வந்தது, அதனால்தான் தாளில் காரணமற்ற வரவின்மை என்று இருக்கிறது. நாலு மாதத்துக்குள் இரண்டாம் அமர்வில் அதே பாடத்தில் பதினாலு எடுத்தார். கடைசியில் ஒரு குறையும் எழுதினேன்: விடையைக் கண்டுபிடித்த பிறகு அதை எழுதி விளக்கப் பொறுமை குறைவு, வழிகளைத் தாண்டிக் குதிப்பார். குறையே இல்லாத கடிதத்தை நானே நம்பமாட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், அடுத்த வீட்டில் நடக்கக்கூடியது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும் ஆள் அங்கேயே 'அத்தெஸ்தாசியோன் து ப்ரெசோன்ஸ்' என்று ஒரு துண்டு கேட்கலாம். இன்ன நாள் இன்ன நேரம் இங்கே இருந்தார் என்று மட்டும்தான் அதில் இருக்கும், நோய் இருக்காது. அதை அப்போதே செயலகத்தில் குடுத்திருந்தால் அந்த ஈ, காரணம் உண்டு என்று சொல்லும் ஜி ஆகியிருக்கலாம்.

லண்டன் இணைப்பு வரவே இல்லை. 26ஆம் திகதி அவன் மரியாதையாக ஞாபகப்படுத்தினான் (நான் என் காலத்தில் செய்யாதது). பார்த்தால், அம்மா யாரிடமோ வாங்கிக் குடுத்த என் சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டிருக்கிறான். அந்தப் படிவம் யூனிவர்சிட்டி முகவரியை மட்டும்தான் ஏற்கும். மாற்றின பிறகும் ஸ்பாமில் போய்க் கிடந்தது. இரண்டாவது கடிதத்துக்கு மூன்றாம் வருஷப் புரொஜெக்டைப் பார்த்த ஆசிரியையிடம் போகச் சொன்னேன். அவருக்கு அவன் எழுதிய குறிப்பில் குழு, திகதி, புரொஜெக்டின் பெயர், தாள்கள் எல்லாம் முதல் மெயிலிலேயே இருந்தன. முடிவில் "நேரம் இல்லாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு வழி பார்க்கிறேன்" என்றும் போட்டிருந்தான். அது என் யோசனை இல்லை. அவனுடையது.

யூனில் லண்டன் ஓம் என்றது. பிரெக்சிட்டுக்குப் பிறகு எங்கட பிள்ளைகளுக்கும் வெளிநாட்டவர் கட்டணம்தான், அதைப் பார்த்ததும் வீட்டில் கதை முடிந்தது. கார் து நோர் ஐந்து நிமிஷ நடைதான், ரயில் இரண்டேகால் மணித்தியாலம், ஆனால் எட்டாது. மோன் மாஸ்டரில் அவன் காத்திருப்போர் பட்டியலில் இருந்தான். ஒவ்வொரு காலையும் போனில் தன் இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். ஒரு வெள்ளிக்கிழமை இடம் வந்தது. பரிசில்தான், அப்பாவுக்குப் பக்கத்தில்.

முடிவைச் சொல்ல எழுதும் பிள்ளைகள் குறைவு. கடிதம் போனதும் ரீச்சர் மறந்துபோவார். இவன் அன்றே எழுதினான். ஓகஸ்ட் கடைசியில், மாணிக்க விநாயகர் தேர் முடிந்த அன்று இரவு, இன்னொன்றும் வந்தது. கடையில் நின்றானாம். உச்ச நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு 41 பேர். "குடும்பமாப் பிரிச்சு எண்ணப் பாத்தன் மேடம், ஏலேல்ல."